மூன்றாம் எண் விளக்கு

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கும்பகோணத்திலிருந்து அப்பா கூப்பிட்டார். “நெட் வரலம்மா. காலையிலேருந்து இல்ல” என்றார். நான் சென்னையில் அடுப்பில் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். “பெட்டில லைட் எரியுதாப்பா?” என்று கேட்டேன். “எரியுது. ஆனா ஒண்ணு மட்டும் எரியல” என்றார். அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டோம். எரியாத விளக்கை எரிய வைக்க நாற்பது நிமிடம் போராடினோம். ஒயரைப் பிடுங்கச் சொன்னேன், செருகச் சொன்னேன். கடைசியில், பெட்டியின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் ஊசியால் அழுத்துங்கள் என்றும் நானே சொன்னேன். அப்பா அம்மாவின் ஹேர்பின்னை வாங்கி அழுத்தினார். அதுவரை எரிந்துகொண்டிருந்த இன்டர்நெட் விளக்கும் அணைந்துபோனது.

இரண்டு நாள் கழித்து வந்த டெக்னீஷியன் பையன் விஷயத்தைச் சொன்னபோது எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. நாங்கள் எரிய வைக்கப் பாடுபட்ட அந்த விளக்கு எரியாமல் இருப்பதுதான் சரி. அது எரிந்தால்தான் கோளாறு. அன்று காலையில் வீட்டு நெட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அப்பாவின் போனில் வைஃபை அணைந்திருந்தது, அவ்வளவுதான். கூடத்தில் டிவியில் அம்மா யூடியூபில் பட்டிமன்றம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைக் கேட்கவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த நெட்டை நாங்களே ஹேர்பின்னால் நிறுத்தினோம்.

அந்த வாரமே ஊருக்குப் போய் ஒரு தாள் எழுதி பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். இதுவரை நான்கு முறை மாற்றி எழுதியாகிவிட்டது. பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இப்படி ஒரு தாள் எப்படி இருந்தால் உதவும், எப்படி இருந்தால் வெறும் காகிதமாகத் தொங்கும் என்பதை அந்த நான்கு தாள்களில்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் தாளில் இருபத்திரண்டு வரிகள் இருந்தன. ஆபீஸ் பிரின்டரில் எடுத்து, கெட்டியாக இருக்கட்டும் என்று லேமினேஷனும் போட்டுக் கொண்டுபோனேன். அப்பா அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். டியூப்லைட் வெளிச்சம் அந்தப் பளபளப்பில் பட்டுத் திரும்பி அவர் கண்ணில் அடித்தது. எழுத்து தெரியவில்லை. கண்புரை தொடங்கியவர்களுக்கு இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். லேமினேஷன் வேண்டாம். பளபளப்பில்லாத கெட்டி அட்டையில் கறுப்பு எழுத்து போதும். அழுக்கானால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்தின் அளவும் தவறாக இருந்தது. பத்திரிகைகளில் எட்டு, ஒன்பது புள்ளி அளவில் அச்சிடுகிறார்கள். பார்வை குறைந்தவர்களுக்கான பெரிய எழுத்துப் புத்தகங்களில் 16 அல்லது 18 புள்ளி வைப்பார்கள். ஆங்கில எழுத்துக்கு அது போதும். தமிழில் புள்ளி வைத்த எழுத்தும் வைக்காத எழுத்தும் ஒரு சிறு பொட்டில்தான் வேறுபடுகின்றன. ரகரமும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒரே உருவம். அதனால் நான் 24 புள்ளியில் தடித்த எழுத்தாக, வரிக்கு வரி தாராளமாக இடம் விட்டு எடுத்தேன். அப்படி எடுத்தால் ஒரு ஏ4 தாளில் பதினெட்டு வரிக்கு மேல் கொள்ளாது. வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான். முதலில் இது இடைஞ்சலாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, தாளைச் சுருக்கியதே அந்த எழுத்தின் அளவுதான். இருபத்திரண்டு வரி ஆறு கேள்வியாக இறங்கியது. பயந்துபோய் நிற்கும் எழுபத்தெட்டு வயதுக்காரரால் ஆறுக்கு மேல் படிக்க முடியாது.

எந்த ஆறு என்பதுதான் அடுத்த சிக்கல். எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுவதில் பயனில்லை. கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியது மட்டுமே தாளில் இருக்க வேண்டும். ‘சிக்னல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும்’ என்ற வரியை வைத்து அம்மா என்ன செய்வார்? ‘சுவரில் சுவிட்ச் போட்டிருக்கிறதா’ என்றால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்.

முதல் கேள்வியை நான் அந்த ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே எடுத்தேன். டிவியில் யூடியூப் ஓடுகிறதா? அது ஓடினால் வீட்டுக்குள் நெட் வருகிறது, கோளாறு கையில் இருக்கும் போனில். அது ஓடவில்லை, இரண்டு பேர் போனிலும் வரவில்லை என்றால் கோளாறு பெட்டியிலோ தெருவிலோ. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். டிவியில் நெட் இல்லாத வீடாக இருந்தால் இரண்டாவது போனில் பார்க்கச் சொல்லலாம். இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் நெட் இல்லை என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார்கள் என்பது நிச்சயமில்லை. என் சித்தி ஒருமுறை நெட் போச்சு என்று சொன்னது கேபிள் டிவியை. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம் போல நின்றுபோயின. அன்று எத்தனையோ வீடுகளில் நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்த பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார்கள். யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் மட்டும் வரவில்லை என்றால் காத்திருப்பதைத் தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை.

கோளாறு போனில் என்று தெரிந்தால் தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் மூன்றே விஷயம் எழுதியிருக்கிறேன். போனின் மேல் ஓரத்தில் விமானப் படம் தெரிகிறதா? தெரிந்தால் ஏரோபிளேன் மோடு போட்டிருக்கிறது. மேலிருந்து விரலை இழுக்கும்போது தவறிப்போய்க் கைபட்டு அது விழுந்துவிடும். அது விழுந்தால் நெட் மட்டுமல்ல, சாதாரண போன் காலும் வராது, போகாது. பிள்ளைகள் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப் என்று வந்து, அங்கே அவர்கள் பதறிப்போவார்கள். அடுத்தது, விசிறி போல விரிந்த வைஃபை படம் இருக்கிறதா? இல்லையென்றால் வைஃபை அணைந்திருக்கிறது. இருக்கிறது, ஆனால் அதன் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி தெரிகிறது என்றால் போன் பெட்டியோடு சேர்ந்துதான் இருக்கிறது, பெட்டிக்குத்தான் வெளியிலிருந்து நெட் வரவில்லை. அப்போது மறுபடி முன்பக்கத்துக்கு வர வேண்டும். மூன்றாவது, போனை ஒருமுறை முழுவதுமாக அணைத்துப் போடுவது. இந்தப் படங்களை அப்பாவின் போனிலிருந்தே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெரிதாக்கி, அந்தந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கம்பெனிக்குக் கம்பெனி படம் சற்று மாறும். அவரவர் போனிலிருந்து எடுப்பதுதான் சரி.

இனி பெட்டி. ஊரில் இன்று பெரும்பாலான வீடுகளுக்கு வருவது ஃபைபர் இணைப்பு. ஆபரேட்டர் வைத்துவிட்டுப் போகும் அந்த வெள்ளைப் பெட்டியைச் சிலர் மோடம் என்கிறார்கள், சிலர் ரவுட்டர் என்கிறார்கள். என் அம்மாவுக்கு அது வைஃபை பெட்டி. தாளில் அம்மா சொல்லும் பெயரையே எழுதினேன்.

பெட்டியின் முகத்தில் வரிசையாகச் சின்ன விளக்குகள். ஒவ்வொன்றின் அடியிலும் எறும்பு அளவில் ஆங்கில எழுத்து. POWER என்றால் பெட்டிக்குக் கரண்ட் வருகிறது. PON என்ற விளக்கு பச்சையாக நின்று எரிந்தால், ஆபரேட்டரின் அலுவலகத்தோடு பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது. LOS என்பது தெருவிலிருந்து வர வேண்டிய ஒளி வரவில்லை என்று சொல்லும் விளக்கு. எல்லாம் நன்றாக இருக்கும்போது அது அணைந்தே இருக்கும். ஒளி வருவது நின்றால் சிவப்பாக மின்னும். அன்று நானும் அப்பாவும் எரிய வைக்கப் பார்த்தது இதைத்தான்.

இரண்டாவது தாளில் ‘LOS சிவப்பாக இருக்கிறதா’ என்று எழுதியிருந்தேன். அதுவும் நடக்கவில்லை. அந்த மூன்று எழுத்தைப் படிக்க அம்மா டார்ச் அடித்துக் குனிய வேண்டியிருந்தது. நிறத்தை மட்டும் நம்பி எழுதுவதிலும் ஒரு கஷ்டம் உண்டு. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப் போவதால் நீலமும் பச்சையும் குழம்பும். சிலருக்குப் பிறப்பிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அதற்கு நான் கண்ட வழி ரொம்பச் சுலபம். பேப்பர் கடையில் வெள்ளை ஸ்டிக்கர் வாங்கி, ஒவ்வொரு விளக்குக்கு மேலும் மார்க்கர் பேனாவால் 1, 2, 3, 4 என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். எங்கள் பெட்டியில் 1 கரண்ட், 2 PON, 3 LOS, 4 இன்டர்நெட். மற்ற வீட்டுப் பெட்டிகளில் வரிசை மாறும். சூடு வெளியேறும் துளைகளை மட்டும் ஸ்டிக்கர் மூடக் கூடாது. பிறகு நெட் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பெட்டியைப் படம் எடுத்து, பெரிதாக அச்சிட்டு, ‘நல்லா இருக்கும்போது இப்படித்தான் இருக்கும்’ என்று அடியில் எழுதித் தாளின் தலைப்பிலேயே ஒட்டிவிட்டேன். அம்மா இப்போது படத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து வித்தியாசத்தைச் சொல்கிறார். நிறத்தின் பெயரில்கூடக் குழப்பம் இல்லை.

நான்காவது தாளின் முன்பக்கம் இன்று இப்படி இருக்கிறது:

நெட் வரவில்லை என்றால்

1. டிவியில் யூடியூப் ஓடுகிறதா? ஓடினால் தாளைத் திருப்பவும்.

2. வீட்டில் கரண்ட் இருக்கிறதா?

3. பெட்டியில் 1-ஆம் விளக்கு எரிகிறதா? இல்லை என்றால் சுவிட்ச், பிளக் பார்க்கவும்.

4. 3-ஆம் விளக்கு சிவப்பாக மின்னுகிறதா? மின்னினால் உடனே போன் செய்யவும்.

5. மின்னவில்லையா? சுவிட்சை அணைத்து 30 எண்ணிப் போடவும். காபி குடித்துவிட்டு வந்து பார்க்கவும்.

6. இன்னும் வரவில்லையா? போன் செய்யவும்.

ஊசியால் குத்த வேண்டாம்.

இரண்டாவது வரி தேவையா என்று தம்பி கேட்டான். கரண்ட் போனால் தெரியாதா என்றான். இன்வெர்ட்டர் வைத்த வீட்டில் தெரியாது. ஃபேனும் விளக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் வீட்டிலுள்ள எல்லா பிளக் பாயிண்ட்டையும் இன்வெர்ட்டரில் சேர்த்திருக்க மாட்டார்கள். டிவி அலமாரியில் இருக்கும் பாயிண்ட் பெரும்பாலும் வெளியே விடப்பட்டிருக்கும். ஃபேன் ஓடுகிறதே, நெட் மட்டும் ஏன் இல்லை என்று அப்பா இரண்டு முறை குழம்பியிருக்கிறார். பிறகு பெட்டிக்கென்று ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தோம். வாங்கும்போது பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்க வேண்டும். எங்களுடையது 12 வோல்ட். சில ஊர்களில் ஆபரேட்டர் தெருவில் வைத்திருக்கும் கருவிக்கும் கரண்ட் போய்விடும். அப்போது நம் வீட்டில் யுபிஎஸ் இருந்தும் பயன் இருக்காது.

மூன்றாவது வரியில் சிக்குவது அம்மாவின் துடைப்பம்தான். டிவிக்குப் பின்னால் பெருக்கும்போது அடாப்டர் பாதி வெளியே வந்துவிடும். பார்ப்பதற்குச் செருகியிருப்பது போலவே இருக்கும். அதனால்தான் ‘பார்க்கவும்’ என்பதோடு நிற்காமல், பிளக்கை ஒருமுறை அழுத்திப் பாருங்கள் என்று வாயால் சொல்லிக் காட்டிவிட்டு வந்தேன்.

ஐந்தாவது வரியில் இருக்கும் காபி விளையாட்டுக்கு எழுதியதல்ல. அந்தப் பெட்டி ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அணைத்துப் போட்டால் எழுந்து, தெருவோடு தொடர்பு பிடித்து, ஆபரேட்டரிடம் தன் பெயரைச் சொல்லி நெட் வாங்கிவர இரண்டு மூன்று நிமிடம் ஆகும், சில சமயம் ஐந்தும் ஆகும். மூன்றாம் தாளில் ‘5 நிமிடம் காத்திருக்கவும்’ என்று எழுதியிருந்தேன். அப்பா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, வரவில்லையே என்று மறுபடி அணைத்துவிடுவார். பெட்டிக்கு முன்னால் நிற்பவருக்கு ஒரு நிமிடமே ஐந்து நிமிடமாகத் தெரியும். காபி என்று எழுதியதும் சமையலறைக்குப் போய்விடுகிறார். அணைத்தவுடன் முப்பது வரை எண்ணச் சொல்வது, பெட்டிக்குள் மிச்சமிருக்கும் கரண்ட் முழுக்க இறங்கட்டும் என்பதற்காக.

கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதினேன். RESET என்ற அந்தச் சின்ன ஓட்டையை அழுத்திப் பிடித்தால், டெக்னீஷியன் பெட்டிக்குள் போட்டு வைத்த பெயர், பாஸ்வேர்டு எல்லாம் பல பெட்டிகளில் அழிந்துவிடும். வைஃபையின் பெயரும் மாறிவிடும். வீட்டிலுள்ள எந்தப் போனும் அதைத் தெரிந்துகொள்ளாது. மறுபடி போட ஆபரேட்டரின் ஆள்தான் வர வேண்டும். அணைத்துப் போடுவதும் ரீசெட்டும் ஒன்று என்று நினைத்துப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற பிள்ளைகள்தான்.

இந்தத் தாள் ஒருமுறை சரியாக வேலை செய்ததைச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். முடிந்த மறுநாள் காலை அம்மா கூப்பிட்டார். “டிவிலயும் வரல. கரண்ட் இருக்கு. ஒண்ணு எரியுது. மூணாம் நம்பர் செவப்பா மின்னுது. நான் ஒண்ணுமே தொடல” என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மின்னுகிறது என்றால் ஒளி வரவில்லை. தெருவில் அறுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குள் மடிந்திருக்க வேண்டும். தெரு முழுக்கப் போயிருக்கிறதா என்று அறிய, பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்கச் சொன்னேன். அவர்களும் அதே ஆபரேட்டர்தான். அவர்கள் வீட்டில் ஓடுகிறது. அப்படியானால் நம் வீட்டு ஒயர்.

“பெட்டிக்குப் பின்னாடி மஞ்சளா மெல்லிசா ஒரு ஒயர் வரும் பாரும்மா. அது எங்க போகுதுன்னு கையால தொடாம பாத்துக்கிட்டே போ” என்றேன். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே சுவரோரம் நடந்தார். “பீரோக்குப் பின்னாடி போகுது... பீரோ சுவரோட ஒட்டி இருக்கு” என்றார். வெள்ளையடிக்க நகர்த்திய பீரோவைத் திரும்ப வைக்கும்போது ஒரு சாண் கூடுதலாகத் தள்ளியிருக்கிறார்கள். அதன் விளிம்பில் ஒயர் கூராக மடிந்து நசுங்கிக் கிடந்தது.

அந்த மஞ்சள் ஒயருக்குள் இருப்பது செம்பு அல்ல, தலைமுடியைவிடச் சற்றே தடித்த ஒரு கண்ணாடி இழை. அதன் நடுவில் ஒளி, சுவரில் மோதித் திரும்பும் பந்து போல உள்ளுக்குள்ளேயே மோதித் திரும்பி ஓடுகிறது. இழை மெதுவாக வளைந்தால் ஒளியும் வளைந்து போய்விடும். கூராக மடித்தால் அந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். பெட்டிக்கு எட்டுவது குறைந்து, ஒரு கட்டத்தில் LOS மின்னத் தொடங்கும். ஒயர் வளையும் இடத்தில் ஒரு டீ டம்ளரைச் சுற்றி வருமளவுக்காவது வட்டம் இருந்தால் பயமில்லை. இழை உடையாமல் மடிந்து மட்டும் இருந்தால், மடிப்பை விடுவித்ததும் ஒளி திரும்பிவிடும். பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துப் பீரோவை ஒரு சாண் நகர்த்தினார்கள். மூன்றாம் விளக்கு அணைந்தது, கொஞ்ச நேரத்தில் நான்காம் விளக்கு எரிந்தது. உடைந்திருந்தால் ஆபரேட்டர் வந்து அந்தத் துண்டு ஒயரை மாற்ற வேண்டியிருக்கும்.

அந்த ஒயரைப் பெரியவர்கள் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. முனையில் தூசி பட்டாலே ஒளி குறையும். அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. ‘மஞ்சள் ஒயரைத் தொட வேண்டாம்’ என்று ஒயர் மேலேயே ஒரு சின்ன அட்டை கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

மூன்றாம் விளக்கு மின்னவில்லை, இரண்டாம் விளக்கு பச்சையாக நிற்கிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் பெரும்பாலும் பணம். ரீசார்ஜ் முடிந்திருக்கும். இதை நான் தாளில் எழுதவில்லை. கட்டுவது நான்தான், முடியும் தேதியை என் போனில் நினைவூட்டலாகப் போட்டுக்கொண்டேன். பெரியவர்கள் கையில் செய்ய முடியாததை அவர்கள் தாளில் எழுதினால் கவலைதான் மிஞ்சும்.

போன் செய்யவும் என்று ஆறு வரியில் இரண்டு முறை எழுதினேனே, அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததைக் கவனிக்கவே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பியை அப்பா கூப்பிடுவது வாட்ஸ்அப்பில்தான். நெட் இல்லாதபோது அது எப்படிப் போகும்? ஒருமுறை அரை நாள் முழுக்க அவனுக்கு வாட்ஸ்அப்பில் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, அவனுக்கு என்னவோ ஏதோ என்று அம்மா கலங்கிப்போயிருக்கிறார். இப்போது தாளின் அடியில் என் நம்பரைப் பெரிதாக எழுதி, ‘வாட்ஸ்அப்பில் வேண்டாம், சாதாரணமாகக் கூப்பிடவும்’ என்று சேர்த்திருக்கிறேன். என் நம்பருக்குக் கீழே பக்கத்து வீட்டு மாமியின் நம்பர். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் உள்ளூரில் ஒருவர் பெயராவது அங்கே இருக்க வேண்டும். வைஃபை இல்லாதபோது பயன்படட்டும் என்று மொபைல் டேட்டாவைப் போடவும் சொல்லிக்கொடுத்தேன். டிவியை மட்டும் அதில் ஓட்டக் கூடாது. அன்றன்றைய டேட்டா ஒரு படத்தில் தீர்ந்துவிடும்.

ஆபரேட்டரின் நம்பரும் தாளில் இருக்கிறது. அது பில்லில் அச்சிட்டிருந்ததைப் பார்த்து எழுதியது. நெட்டில் தேடி எடுக்கும் கஸ்டமர் கேர் நம்பர்களில் மோசடிக்காரர்கள் போட்டு வைத்தவையும் கலந்திருக்கின்றன. கூப்பிட்டால் ரொம்ப மரியாதையாகப் பேசுவார்கள், ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள், அந்த ஆப் வழியாக நம் போன் திரையையே அவர்கள் பார்ப்பார்கள். பிறகு பத்து ரூபாய் கட்டச் சொல்லி, ஓடிபியைப் பார்த்துக்கொண்டு வங்கிக் கணக்கைக் காலி செய்வார்கள். அவர்களே கூப்பிட்டு, இன்று இரவு உங்கள் நெட் கட்டாகிவிடும் என்று பயமுறுத்துவதும் உண்டு. நெட் சரிசெய்ய யாரும் ஓடிபி கேட்க மாட்டார்கள், ஆப் இறக்கச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள் என்று பின்பக்கத்தின் அடியில் தடித்து எழுதியிருக்கிறேன். பணம் போய்விட்டால் கூப்பிட வேண்டிய 1930 என்ற எண்ணும் அங்கே இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைப் பிடித்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

இந்தத் தாள் ஒட்டிய முதல் மாதம் அம்மாவிடமிருந்து போன் குறைந்துவிட்டது. முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது, ஆறு கேள்விக்கும் பதில் தெரியாமல் கூப்பிட்டால் நான் கோபித்துக்கொள்வேன் என்று இரண்டு நாள் நெட் இல்லாமலேயே இருந்திருக்கிறார்கள். பரீட்சைத் தாள் மாதிரி எழுதி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. அன்றே தாளின் தலைப்புக்கு மேலே ‘ஒன்றும் புரியவில்லை என்றாலும் கூப்பிடலாம்’ என்று கையால் எழுதினேன். ஆறையும் பார்த்துவிட்டுக் கூப்பிட்டால் நான் சீக்கிரம் சரிசெய்ய முடியும், பார்க்காமல் கூப்பிட்டால் கொஞ்சம் நேரமாகும், வித்தியாசம் அவ்வளவுதான் என்று இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

அப்படியே ஒரு ஒத்திகையும் பார்த்தோம். அப்பா கூடத்தில் இருந்தபோது நான் போய்ப் பெட்டியின் பிளக்கைப் பாதி இழுத்து வைத்தேன். அவர் தாளைப் பார்த்து, டிவியைப் போட்டு, பெட்டியிடம் போய், “ஒண்ணாம் விளக்கு இல்ல” என்று சொல்லி, பிளக்கை அழுத்தினார். அந்த ஒத்திகையில்தான் சுவிட்ச் போர்டு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் கை எட்டாத இடத்தில் இருப்பது தெரிந்தது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தோம். முதுகு வளைக்க முடியாதவரைக் குனியச் சொல்லும் வரி எத்தனை பெரிய எழுத்தில் இருந்தும் உதவாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பெட்டியையும் பாருங்கள். நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அதைப் படம் எடுத்துவிடுங்கள், விளக்குகளுக்கு எண் ஒட்டிவிடுங்கள். ஒருமுறை பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மாவையோ அப்பாவையோ தாளை வைத்துக்கொண்டு தாங்களாகப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் எந்த வரியில் நிற்கிறார்களோ அந்த வரியை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.